இரண்டு நிறம், இரண்டு எழுத்துரு: எங்கள் அச்சார் பதிவுகள் ஒரே கடையுடையவை போலத் தெரிய என்ன செய்வது?

வள்ளி_வாக்வா

எல்லோருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் மொரிஷியஸின் வாக்வாவில் வீட்டிலிருந்தே காய் அச்சார், மஸாவாரு என்ற மிளகாய் விழுது, மசாலாத் தூள் செய்து விற்கிறோம். ஃபேஸ்புக்கிலும் வாட்சப் ஸ்டேட்டஸிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று பதிவு போடுகிறேன். எல்லாம் கேன்வாவின் இலவசக் கணக்கில் செய்வதுதான்.

நேற்று எங்கள் பக்கத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. பத்துப் பதிவும் பத்துக் கடையுடையவை போல இருந்தன. அதனால் இரண்டு நிறம், இரண்டு எழுத்துரு என்று முடிவு செய்தேன். நிறம்: மிளகாய்ச் சிவப்பு #D62828, இலைப் பச்சை #2E7D32. எழுத்துரு: தலைப்புக்கு Playfair Display, மற்றதற்கு Montserrat.

இதில் இரண்டு தொல்லை. ஒன்று, பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் விலை போட்டேன். விலை பதிவிலேயே இருக்கிறது, ஆனாலும் எல்லோரும் வாட்சப்பில் வந்து "எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். இரண்டு, பிரெஞ்சு வரிகள் அழகாக வருகின்றன, தமிழ் வரி மட்டும் ஏதோ வெளியிலிருந்து ஒட்டியது போல இருக்கிறது. தமிழை எடுத்துவிடலாமா என்று தங்கை கேட்கிறாள். எனக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?

ஷாமளா_டர்பன்

வள்ளி, நான் சாட்ஸ்வர்த்தில் பிறந்தநாள் கேக் செய்கிறேன். நானும் இதே பாதையில் வந்தவள்தான். நிறச் சக்கரத்தில் சிவப்பும் பச்சையும் நேர் எதிரெதிர். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அதனால் உங்கள் தேர்வு சரி என்றே சொல்வேன், மாற்ற வேண்டாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கினால் விலை தெரிந்துவிடும்.

எழுத்துரு சோடியும் சரிதான். தலைப்புக்கு முனையில் சிறு கொடுக்கு உள்ள எழுத்து, உள்ளே கொடுக்கு இல்லாத எழுத்து. பலரும் இப்படித்தான் சேர்ப்பார்கள்.

கதிர்_போர்ட்லூயி

14 வருஷம் அச்சகத்திலும் பெயர்ப்பலகைக் கடையிலும் வேலை செய்தவன் நான். ஷாமளா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எதிர் நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் பெரிய பரப்பாக இருந்தால் எடுப்பாகத் தெரியும். பச்சை இலையில் சிவப்பு மிளகாய் கண்ணில் படுவது அதனால்தான். ஆனால் எழுத்தை வாசிக்க நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, வெளிச்சம் வேறாக இருக்க வேண்டும். ஒன்று இருட்டாக, மற்றது வெளுப்பாக.

வள்ளி, ஒரு வேலை செய்யுங்கள். அந்த விலைப் பதிவை ஃபோனில் திறந்து, கேலரியில் உள்ள கறுப்பு-வெள்ளை வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

வள்ளி_வாக்வா

கதிர் அண்ணா, ஒன்றுமே தெரியவில்லை! முழுக்க ஒரே சாம்பல். விலை இருந்த இடத்தில் வெறும் பலகை. நான் ஃபோன்தான் கெட்டுவிட்டதோ என்று அம்மாவின் ஃபோனிலும் பார்த்தேன்.

கதிர்_போர்ட்லூயி

ஃபோனில் ஒரு குறையும் இல்லை. உங்கள் இரண்டு நிறக் குறியீட்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் வெளிச்ச வேறுபாடு 1.02. வேறுபாடே இல்லையென்றால் அது 1. கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21. சின்ன எழுத்தை வசதியாக வாசிக்க 4.5 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3 போதும் என்பது இணையப் பக்கங்களுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. நீங்கள் 1.02-இல் விலை எழுதியிருக்கிறீர்கள். எழுத்தைச் சுவர் அளவு பெரிசாக்கினாலும் தேறாது. சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு அந்தப் பதிவில் விலை என்ற ஒன்றே கிடையாது. WebAIM என்ற தளத்தில் இரண்டு குறியீட்டையும் இட்டால் இந்த எண்ணை நீங்களே பார்க்கலாம், காசு இல்லை.

அதனால் இரண்டு நிறம் தேர்ந்தெடுக்கும்போது "எது எதற்குப் பொருத்தம்" என்பதிலிருந்து தொடங்க வேண்டாம். ஒன்று இருண்டது, ஒன்று வெளுத்தது, அதை முதலில் முடிவு செய்யுங்கள். வெள்ளை எப்படியும் இருக்கும், அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் பொருளிலேயே நல்ல சோடி இருக்கிறது. அச்சாரில் மஞ்சள் இருக்கிறது. மஞ்சளுக்கு #F2B705 வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் உங்கள் மிளகாய்ச் சிவப்பை எழுதினால் வேறுபாடு 2.8 தான், தலைப்புக்கே போதாது. அதே மிளகாய் காய்ந்த பிறகு என்ன நிறம்? கருஞ்சிவப்பு. #6B1D2A போட்டுப் பாருங்கள். மஞ்சள் மேல் அது 6.3 வருகிறது, வெள்ளை மேல் 11-ஐத் தாண்டுகிறது. ஆக சின்ன எழுத்தும் அதிலேயே எழுதலாம், தனியாகக் கறுப்பு தேவையில்லை.

ஒரே ஒரு தடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மேல் மஞ்சள் எழுத்து, மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து, இரண்டும் கூடாது. அது 1.8 தான். கணினித் திரையில் அழகாகத் தெரியும், வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று ஃபோனைப் பார்க்கிறவருக்குத் தெரியாது.

ஷாமளா_டர்பன்

இதை நான் யோசிக்கவே இல்லை. என் கேக் பக்கத்தில் இளஞ்சிவப்பு மேல் வெள்ளை எழுத்து வைத்திருக்கிறேன், போய்ச் சோதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. அச்சாரே மஞ்சள். மஞ்சள் பின்னணியில் அச்சார் படத்தை வைத்தால் பாட்டிலே காணாமல் போகாதா?

கதிர்_போர்ட்லூயி

சரியான கேள்வி. போகும். அதனால் படம் இருக்கும் பதிவில் மஞ்சளைப் பின்னணியாகப் போடக் கூடாது. 1080 அகலம், 1350 உயரத்தில் பதிவு செய்தால், மேலே முக்கால் பங்கு படம், கீழே கால் பங்கு கருஞ்சிவப்புப் பட்டை. பட்டையில் பெயர் மஞ்சளில், விலை வெள்ளையில். மஞ்சள் பெரும் பரப்பாக வருவது படமே இல்லாத பதிவில்: "சனிக்கிழமை வரைதான் ஆர்டர்", "இன்று டெலிவரி இல்லை" என்பது போல.

குணசேகரன்_ரோஸ்ஹில்

அன்பர்களே, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வள்ளியின் எழுத்துருச் சிக்கல் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சங்க அறிவிப்புகளை நான் பல வருஷமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கேன்வாவில் ஒட்டினால் "அம்மா" என்பது `mk;kh` என்று வருகிறது. எந்த எழுத்துருவைத் தேர்ந்தாலும் ஆங்கில எழுத்துதான். வள்ளிக்கும் இதுதான் நேர்ந்திருக்கும். பாமினியை உள்ளே ஏற்ற முடிந்தால் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. தமிழை எடுத்துவிட வேண்டாம் அம்மா. நம் நாட்டு ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. அச்சார் பாட்டிலில் இருக்கக் கூடாதா?

வள்ளி_வாக்வா

ஐயா, எடுக்க மாட்டேன், உறுதி. ஆனால் எனக்கு வருவது தமிழாகத்தான் வருகிறது, வேறு எழுத்தாக இல்லை. ஃபோன் விசைப்பலகையில்தான் தட்டுகிறேன். அழகுதான் பொருந்தவில்லை.

கதிர்_போர்ட்லூயி

ஐயா, உங்களுடையது வேறு சிக்கல். பாமினி காலத்துக் கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். பாமினி அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது, போர்வையை எடுத்ததும் `mk;kh` வெளியே வந்துவிட்டது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன. அதில் மாற்றி, பிறகு ஒட்டுங்கள். பாமினியை உள்ளே ஏற்ற முயல வேண்டாம், இன்னொருவர் அந்த உரையைப் படியெடுத்தால் மறுபடி இதே கதைதான்.

வள்ளிக்கு நடப்பது இது. Playfair Display-இலும் Montserrat-இலும் தமிழ் எழுத்தே கிடையாது. நீங்கள் தமிழில் தட்டினால் மென்பொருள் தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து அந்த இடத்தை நிரப்புகிறது. மேலே பெயர் மட்டும் Playfair Display என்றே காட்டும். ஆக நீங்கள் தேர்ந்தது இரண்டு எழுத்துரு, பதிவில் இருப்பது மூன்று. அந்த மூன்றாவதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால்தான் ஒட்டியது போலத் தெரிகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரே பெட்டியில் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் ஒரு தமிழ்ச் சொல்லும் தட்டுங்கள். எழுத்துருவை மூன்று நான்கு தடவை மாற்றுங்கள். பிரெஞ்சு ஒவ்வொரு தடவையும் உரு மாறும். தமிழ் அசையாமல் அப்படியே நின்றால், அது அந்த எழுத்துருவின் தமிழ் இல்லை.

முத்து_யாங்கோன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். யாங்கோனில் எங்கள் தோசைக் கடைக்கு நான்தான் பதிவு போடுகிறேன். எனக்கு மூன்று எழுத்து: பர்மீயம், தமிழ், ஆங்கிலம். கதிர் அண்ணா சொன்ன அதே ஒட்டுப் பிரச்சினை பர்மீயத்திலும் உண்டு. அதற்கு முன்னால் ஐயா சொன்ன போர்வைப் பிரச்சினையும் இருந்தது. இங்கே பழைய ஸௌஜீ முறையில் தட்டியதை யூனிகோடு ஃபோனில் திறந்தால் எழுத்து சிதறிக் கிடக்கும். 2019 அக்டோபரில்தான் நாடே யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. ஐயாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது.

என் அனுபவத்தில் மூன்று எழுத்தும் ஒரே எழுத்துருக் குடும்பத்தில் இருப்பதுதான் நிம்மதி. Noto Sans Myanmar, Noto Sans Tamil, Noto Sans. ஒரே கை எழுதியது போல இருக்கும். வரி இடைவெளியை மட்டும் பர்மீயத்துக்குக் கூட்ட வேண்டும், அதில் எழுத்துக்குக் கீழே எழுத்து அடுக்கி வரும், கீழ் வரியில் இடிக்கும். தலைப்புக்கும் உள்ளுக்கும் ஒரே குடும்பம், கனம் மட்டும் வேறு. இப்படி வைத்தால் போதாதா? இரண்டு எழுத்துரு எதற்கு?

கதிர்_போர்ட்லூயி

முத்து, உங்கள் கடைக்கு அது நல்ல வழி. மூன்று எழுத்து வைத்திருப்பவர் நான்காவதாக அழகு தேடினால் பதிவு சந்தையாகிவிடும். ஆனால் வள்ளியின் பக்கத்தில் நாலு வரித் தலைப்பும் ஒரு விலையும்தான் இருக்கும். தலைப்பைப் பார்த்ததுமே "இது அவர்கள்" என்று தெரிய வேண்டும். அதற்குத் தலைப்பு எழுத்தில் கொஞ்சம் முகம் வேண்டும். Noto நல்ல எழுத்து, எல்லோரிடமும் இருப்பதால் யாருடையது என்று சொல்லாது.

வள்ளி, நான் முதலில் தமிழைப் பார்த்துத்தான் தேர்வு செய்யச் சொல்வேன். தமிழும் லத்தீனும் சேர்த்தே வரையப்பட்ட எழுத்துருக்கள் இருக்கின்றன. தலைப்புக்கு Baloo Thambi. தடிமனாக, உருண்டையாக, பாட்டில் லேபிள் போல இருக்கும். உள்ளே Mukta Malar. இரண்டும் ஏக் டைப் என்ற ஒரே குழுவின் வேலை, அதனால் சண்டை போடாது. தேடும் பெட்டியில் பெயரைத் தட்டிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் Catamaran-இன் மிகக் கனத்த வடிவத்தைத் தலைப்புக்கு வைக்கலாம். பெயரே நம் கட்டுமரம்தான், அதில் மெல்லியதிலிருந்து கனத்தது வரை ஒன்பது கனம் இருக்கிறது. Hind Madurai-யும் உள்ளே எழுத நன்றாக இருக்கும்.

பெயரருகே கிரீடக் குறி இருந்தால் அது காசு கட்டியவர்களுக்கு, விட்டுவிடுங்கள். கனம் ஒன்றே உள்ள எழுத்துருவையும் உள் எழுத்துக்கு எடுக்க வேண்டாம். Pavanam, Kavivanar இரண்டிலும் ஒரே கனம்தான். விலையை மட்டும் தடிப்பாக்க நினைக்கும்போது வழியிருக்காது.

தேர்ந்தெடுக்கும் முன் இந்த இரண்டு வரியைத் தட்டிப் பாருங்கள். ஒரு எழுத்துகூடக் கட்டமாகவோ வேறு மாதிரியோ வரக் கூடாது.

```
கொ கௌ ணை ஙூ ஸ்ரீ க்ஷ ஃ 0123456789 Rs
é è ê à ç œ É À Ç
```

ஷாமளா_டர்பன்

அண்ணா, Baloo குழந்தைகள் புத்தகம் மாதிரி இல்லையா? பெரியவர்கள் சாப்பிடும் அச்சாருக்கு அது பொருந்துமா? எனக்கு Catamaran-தான் நன்றாகப் படுகிறது.

கதிர்_போர்ட்லூயி

உங்கள் கண்ணுக்கு அப்படி இருக்கலாம். எனக்கு அது ஊறுகாய் ஜாடியின் வயிறு போலத் தெரிகிறது. இரண்டையும் போட்டுப் பார்த்து வள்ளிதான் சொல்ல வேண்டும்.

வள்ளி_வாக்வா (ஒரு வாரம் கழித்து)

செய்துவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், என்னைப் போல இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் அந்தச் சோதனை. Playfair-இலிருந்து Montserrat, அதிலிருந்து இன்னும் இரண்டு என்று மாற்றினேன். "Achard" நான்கு உரு எடுத்தது, "அச்சார்" அசையவே இல்லை. Mukta Malar-க்கு மாற்றியதும் தமிழ் சட்டென்று மாறியது. அந்த ஒரு நொடியில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. இத்தனை நாள் தமிழ் எழுத்தே அழகாக வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைப்புக்கு இரண்டையும் வைத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா Baloo-வைத்தான் தொட்டார். "இதுதான் தூரத்திலிருந்து தெரிகிறது" என்றார். ஷாமளா அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

பிறகு ஒரே ஒரு டிசைன் கோப்பு திறந்து அதில் மூன்று பக்கம் செய்தேன். முதல் பக்கம் படமும் விலையும். இரண்டாவது படமில்லாத அறிவிப்பு, முழு மஞ்சள். மூன்றாவது ஸ்டேட்டஸுக்கு, 1080-க்கு 1920. ஒரு பதிவு வேண்டுமென்றால் அந்தக் கோப்பை நகலெடுத்து எழுத்தையும் படத்தையும் மட்டும் மாற்றுகிறேன். புது டெம்ப்ளேட் தேடுவதை நிறுத்திவிட்டேன். முன்பு நான் சறுக்கிய இடமே அதுதான். ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் தன் நிறத்தையும் எழுத்துருவையும் கூட்டிக்கொண்டு வரும், அவசரத்தில் அப்படியே விட்டுவிடுவேன்.

இரண்டு இடத்தில் மாட்டினேன். நிறப் பலகையில் "Document colors" என்று இருக்கும் இடத்தில் நான்கு கருஞ்சிவப்பு இருந்தது. நான் வைத்தது ஒன்றுதானே? அடுத்தது, பிரெஞ்சு வரி ஒன்று மட்டும் பழைய Montserrat-இலேயே நின்றுவிட்டது. பதிவைப் போட்ட பிறகுதான் பார்த்தேன்.

கதிர்_போர்ட்லூயி

கோப்பு ஏற்பாடு அருமை. நான்கு கருஞ்சிவப்பு எப்படி வந்தது என்று கேட்கிறேன்: நிறம் உறிஞ்சும் குழாய்க் குறியைப் பயன்படுத்தினீர்களா?

வள்ளி_வாக்வா

ஆமாம் அண்ணா. குறியீட்டைத் தட்டச் சோம்பல் பட்டு, படத்தில் இருந்த காய்ந்த மிளகாயிலிருந்து எடுத்தேன்.

கதிர்_போர்ட்லூயி

அதுதான். படத்தில் ஒரு மிளகாயின் வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், நிழல் பக்கம் இன்னொரு நிறம். இரண்டு தடவை தொட்டால் இரண்டு குறியீடு. பதிவைத் தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் ஒன்பது பதிவு சேர்ந்து நிற்கும்போது "ஏதோ சரியில்லை" என்று தோன்றும். அந்தக் குழாயை ஒரு தடவை, முதன்முதலாக நிறம் தேடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு எப்போதும் #6B1D2A என்று தட்டுவதுதான்.

இருப்பதைச் சரிசெய்ய, தவறான கருஞ்சிவப்பு உள்ள ஒரு கட்டத்தைத் தேர்ந்து சரியான குறியீட்டைக் கொடுங்கள். உடனே அதே பலகையின் அடியில் "Change all" என்று வரும். அழுத்தினால் அந்தக் கோப்பில் அதே தவறான நிறம் உள்ள எல்லாம் மாறும். எழுத்துருவை மாற்றும்போதும் அதே பொத்தான் வரும், உங்கள் Montserrat வரி அதில் அகப்பட்டுவிடும். பதிவேற்றிய படத்துக்குள் இருக்கும் நிறம் மாறாது, அதனால் லோகோவைப் படமாக வைத்திருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள்.

போடுவதற்கு முன் அந்த "Document colors" வரிசையை ஒரு தடவை எண்ணுங்கள். கருஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை. நான்காவதாக ஒன்று இருந்தால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

முத்து_யாங்கோன்

ஒரு சின்ன சேர்க்கை. தலைப்பை விரித்துக் காட்ட எழுத்து இடைவெளியைக் கூட்டும் வசதி இருக்கிறதல்லவா, ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழுக்கு நான் போட்டுப் பார்த்தேன், "கொ"-வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விலகி நின்றது. தமிழ்ப் பெட்டியில் அதைப் பூஜ்யத்திலேயே வையுங்கள். ஸ்டேட்டஸில் போடும்போது மெல்லிய கனமும் வேண்டாம், வாட்சப் படத்தைச் சுருக்கியதும் தமிழின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன.

கதிர்_போர்ட்லூயி

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதோடு JPG-க்குப் பதில் PNG-ஆக இறக்குங்கள். சிவப்புச் சாயல் உள்ள எழுத்தின் ஓரம் JPG-இல் முதலில் கலங்கும்.

குணசேகரன்_ரோஸ்ஹில்

யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன், தமிழாகவே வருகிறது. நன்றி தம்பி. தைப்பூசக் காவடி அறிவிப்பை Mukta Malar-இல் செய்தேன். ஒரு கருத்து கேட்க வேண்டும். காவடிக்கு நம் ஊரில் எல்லோரும் அந்த அழுத்தமான ரோஜா நிறம்தான் உடுத்துவார்கள். அறிவிப்பில் அந்த நிறம் இல்லாவிட்டால் காவடி என்ற எண்ணமே வருவதில்லை. வள்ளியும் காவடிக்குப் பதிவு போடுவார் அல்லவா? அன்றைக்கும் கருஞ்சிவப்பும் மஞ்சளும்தானா?

வள்ளி_வாக்வா

ஐயா, நானே கேட்க இருந்தேன். காவடி விரத நாட்களில் மசாலாத் தூளுக்குத்தான் எங்களுக்கு அதிக ஆர்டர், வாழையிலையில் ஏழு கறி வைப்பவர்கள் வாங்குவார்கள். அந்தப் பதிவு ரோஜா நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் ஆசை.

கதிர்_போர்ட்லூயி

நான் வேண்டாம் என்பேன். ரோஜா நிறம் படத்தில் வரட்டும். அந்த நிறத் துணி, பூ, காவடியின் ஓரம், எதையாவது பாட்டில் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். பட்டையும் எழுத்தும் அப்படியே இருக்கட்டும். காவடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, வருஷப் பிறப்புக்கு ஒன்று என்று மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி பத்துக் கடை.

ஷாமளா_டர்பன்

எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணா. எழுத்துருவும் அமைப்பும் மாறாமல் இருந்தால் ஒரு நாள் மட்டும் மஞ்சளுக்குப் பதில் ரோஜா வரலாம். ஆள் அதேதான், திருவிழாவுக்கு வேறு சேலை. என் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு அப்படித்தான் செய்கிறேன், யாரும் குழம்பவில்லை. இளஞ்சிவப்பு மேல் வெள்ளையை மட்டும் மாற்றிவிட்டேன், சோதித்தேன், 2-கூட வரவில்லை. அதைச் சொன்னதற்கு நன்றி.

குணசேகரன்_ரோஸ்ஹில்

என் ஓட்டு ஷாமளாவுக்கு.

முத்து_யாங்கோன்

என் ஓட்டு கதிர் அண்ணாவுக்கு. இங்கே தண்ணீர்த் திருவிழாவுக்கு நான் நீலத்துக்கு மாறினேன். பிறகு நான்கு பதிவு நீலத்திலேயே போய்விட்டது, திரும்பி வரக் கஷ்டப்பட்டேன்.

வள்ளி_வாக்வா

இரண்டு விதமாகவும் ஒன்று செய்து அம்மாவிடம் காட்டுகிறேன். ரோஜாவையும் கருஞ்சிவப்பையும் பக்கத்தில் வைத்ததும் கறுப்பு-வெள்ளை வடிகட்டியில் முதலில் பார்ப்பேன், அது இப்போது பழகிவிட்டது.

புது விலைப் பதிவு மூன்று போட்டாயிற்று. "எவ்வளவு?" என்ற கேள்வி நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் "பெரிய பாட்டில் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அதாவது சின்ன பாட்டில் விலையை வாசித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று அண்ணா. இதே நிறத்தில் பாட்டில் லேபிளும் அடிக்க வேண்டும். நிறக் குறியீட்டைக் கொடுத்தால் அச்சகத்தில் இதே நிறம் வருமா?

கதிர்_போர்ட்லூயி

அப்படியே வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். மஞ்சள் கொஞ்சம் மங்கும். கருஞ்சிவப்பு இன்னும் இருண்டு, சில தாளில் பழுப்பு போலவும் ஆகலாம். ஒட்டும் லேபிள் தாள் பளபளப்பா, மங்கலா என்பதைப் பொறுத்தும் மாறும். வழக்கமாக ஏமாறுவது, ஃபோனில் பார்த்துச் சரி என்று சொல்லி ஐந்நூறு அடித்துவிடுவதுதான்.

PDF-ஆக இறக்கிக் கொடுங்கள். அடிக்கப் போகும் அதே தாளில் ஒரே ஒரு தாள் மாதிரி கேளுங்கள். அதில் கருஞ்சிவப்பை இப்போது இருப்பது ஒன்று, கொஞ்சம் வெளுத்தது இரண்டு என மூன்று கட்டமாகப் பக்கத்துப் பக்கத்தில் அடிக்கச் சொல்லுங்கள். வெட்டி, அச்சார் நிரப்பிய பாட்டிலில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே வைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட விரலால் ஒரு தடவை தேய்த்தும் பாருங்கள், மை போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.